சித்தி மகன் தம்பியா? சீன உறவுச் சொற்களும் நம் முறைகளும்

கேள்வி: “சீன மொழியில் அப்பா வழிச் சொந்தத்துக்கும் அம்மா வழிச் சொந்தத்துக்கும் வேறு வேறு சொல் இருக்கிறதாமே. தமிழிலும் அப்படித்தானே? அப்படியானால் மாமா, சித்தப்பா, அத்தை எல்லாவற்றுக்கும் ஒன்றுக்கு ஒன்று சீனச் சொல் கிடைக்குமா? என் சித்தி மகனைத் தம்பி என்று அறிமுகப்படுத்தினால் சீன நண்பர் குழம்பிப் போகிறார், ஏன்?”

பாதிக்கு மேல் கிடைக்கும், மீதி கிடைக்காது. கிடைக்காத இடம் எது என்று பார்த்தால் உங்கள் நண்பரின் குழப்பத்துக்கும் காரணம் தெரிந்துவிடும். சீன மொழி உறவுகளைக் குடும்பப் பெயரை வைத்துப் பிரிக்கிறது. அப்பாவின் குடும்பப் பெயரைத் தாங்குபவர்கள் ஒரு பக்கம், மற்றவர்கள் எல்லாம் வேறு பக்கம். தமிழ் அப்படிப் பிரிப்பதில்லை. நமக்கு முக்கியம் முறை. இவர் அண்ணன் தம்பி முறையா, மாமன் மச்சான் முறையா என்பதுதான் நம் கேள்வி. அதனால் நம்மிடம் அப்பா வழியிலும் அம்மா வழியிலும் ஒரே சொல் பல தடவை வரும். சித்தப்பா என்றால் அப்பாவின் தம்பியாகவும் இருக்கலாம், அம்மாவின் தங்கை கணவராகவும் இருக்கலாம். சீனத்தில் இந்த இருவருக்கும் ஒரே சொல் வரவே வராது.

நான் பதினான்கு வருடமாகத் தமிழ் வியாபாரிகளுக்குச் சீனாவில் மொழிபெயர்ப்பாளனாக இருக்கிறேன். படித்தது மாண்டரின், காண்டனீஸ் காதால் கேட்டுப் பழகியது. ஆகவே கீழே சொல்வதெல்லாம் மாண்டரின் வழக்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு ஊர் கூப்பிடும் சொல் மாறும், பிரிக்கும் விதம் அநேகமாக மாறாது. சீன ஒலிகளைத் தமிழ் எழுத்தில் கிட்டத்தட்டத்தான் எழுத முடியும்.

முதலில் அழகாகப் பொருந்துகிற இடம். அப்பாவின் அண்ணன் போபோ, தம்பி ஷூஷூ. பெரியப்பா, சித்தப்பா என்று நாம் வயதை வைத்துப் பிரிப்பது போலவே அவர்களும் பிரிக்கிறார்கள். பெரியப்பாவின் மனைவி போமு, சித்தப்பாவின் மனைவி ஷென்ஷென். அப்பாவின் அக்கா தங்கை எல்லோரும் கூகூ, அதாவது நம் அத்தை. அம்மாவின் அண்ணன் தம்பி எல்லோரும் ஜியோஜியோ, அதாவது தாய்மாமன். தாய்மாமன்கள் நிறைய இருந்தால் பெரிய ஜியோ, இரண்டாவது ஜியோ, சின்ன ஜியோ என்று எண் போடுவார்கள். நாமும் பெரிய மாமா, சின்ன மாமா என்போம். அண்ணன், தம்பி, அக்கா, தங்கை நான்குக்கும் தனித்தனிச் சொல் உண்டு. ஆங்கிலத்தில் தம்பியா அண்ணனா என்று தெரியாமல் தவிக்கும் தொல்லை சீனத்தில் கிடையாது.

இனி பொருந்தாத இடம். அம்மாவின் அக்காவையும் தங்கையையும் மாண்டரினில் யீமா என்பார்கள். பெரியம்மா, சித்தி என்ற பிரிவை எண் போட்டுத்தான் காட்ட வேண்டும். (காண்டனீஸில் அம்மாவின் அக்காவுக்கும் தங்கைக்கும் தனிச்சொல் உண்டு. அந்த ஒரு விஷயத்தில் அது நமக்கு நெருக்கம்.) யீமாவின் கணவர் யீஃபு. அவரைப் பெரியப்பா என்றோ சித்தப்பா என்றோ ஒரு சீனர் நினைக்கவே மாட்டார். அதே மாதிரி கூகூவின் கணவர் கூஃபு. நாம் அவரையும் மாமா என்போம், பிராமண வீடுகளில் அத்திம்பேர். சீனருக்கு ஜியோஜியோ வேறு, கூஃபு வேறு. ஆக, ‘மாமா’ என்ற ஒரு தமிழ்ச் சொல்லைச் சீனத்தில் சொல்ல வேண்டுமென்றால் மூன்று கேள்வி கேட்டாக வேண்டும். அம்மாவின் உடன்பிறந்தவரா, அத்தையின் கணவரா, கல்யாணத்தால் வந்த மாமனாரா?

இதில் ஒரு தடவை நான் நன்றாக மாட்டிக்கொண்டேன். ஷாவோஷிங் நகரத்துக் கெச்சியாவ் துணிச் சந்தைக்கு ஈரோட்டிலிருந்து ஒரு வியாபாரி வந்திருந்தார். கூட இரண்டு பேர். ஒருவரை “எங்க மாமா” என்றார், இன்னொருவரை “என் தம்பி” என்றார். தம்பியை நான் சாதாரணமாகத் திதி என்று சொல்லிவிட்டேன். உடன்பிறந்த தம்பிக்கு உள்ள சொல் அது. மறுநாள் ஒப்பந்தத்தில் அந்தத் தம்பி பிரதிநிதியாகக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. கடன் கணக்குப் பார்க்கும் அம்மா இரண்டு கடவுச்சீட்டுகளையும் புரட்டிப் பார்த்துவிட்டு, “தந்தை பெயர் வேறாக இருக்கிறதே, சொந்தத் தம்பி என்றீர்களே?” என்று கேட்டார். அவர் குரலில் சந்தேகம் தெரிந்தது. பேரம் நம்பிக்கையில் நடக்கிற இடத்தில் அது சின்ன விஷயமல்ல. விசாரித்தால் அவர் சித்தி மகன். நான் உடனே திருத்தி, “பியாவ்-தி” என்றேன். அந்த அம்மாவின் முகம் தெளிந்தது. ஆனால் வியாபாரி, பியாவ் என்றால் என்ன என்று கேட்டார். ‘வெளி’ என்று பொருள் என்றேன். “அவன் என் கூடப்பிறந்தவன் மாதிரி, வெளியாள்னு சொல்லாதீங்க” என்று வருத்தப்பட்டார். இரண்டு பேர் சொன்னதும் அவரவர் மொழியில் சரி.

அந்தப் ‘பியாவ்’ தான் உங்கள் கேள்வியின் மையம். சீனத்தில் ஒன்றுவிட்ட சகோதரர்கள் இரண்டே வகை. அப்பாவின் அண்ணன் தம்பி பிள்ளைகள் தாங். தாங் என்றால் வீட்டின் கூடம். ஒரே கூடத்தில் ஒரே முன்னோரைக் கும்பிடுகிறவர்கள். மற்ற மூன்று வகைப் பிள்ளைகளும், அதாவது அத்தை பிள்ளைகள், மாமன் பிள்ளைகள், சித்தி பெரியம்மா பிள்ளைகள், எல்லோரும் பியாவ். அவர்களுக்கு வேறு குடும்பப் பெயர், வேறு கூடம். தேவைப்பட்டால் அத்தை வழிப் பியாவ், மாமன் வழிப் பியாவ், சித்தி வழிப் பியாவ் என்று முன்னால் ஒரு எழுத்தைச் சேர்த்துச் சொல்வார்கள். கூப்பிடும்போது அவ்வளவு தூரம் போவதில்லை.

நம் கணக்கு வேறு. பெரியப்பா சித்தப்பா பிள்ளைகளும், பெரியம்மா சித்தி பிள்ளைகளும் அண்ணன் தம்பி அக்கா தங்கை. அத்தை பிள்ளைகளும் மாமன் பிள்ளைகளும் அத்தான், மச்சான், மைத்துனி, முறைப்பெண். நான்கு வகையை நாம் இரண்டு இரண்டாகப் பிரிக்கிறோம், அவர்கள் ஒன்று மூன்றாகப் பிரிக்கிறார்கள். இடம் மாறுவது ஒரே ஒருவர்தான், உங்கள் சித்தி மகன். நம்மிடம் உள்ளே இருக்கிறவர் அங்கே வெளியே போய்விடுகிறார். உங்கள் நண்பர் குழம்புவது அங்கேதான்.

நம்மிடமும் ‘தாங்’ இல்லாமல் இல்லை. பங்காளி என்கிறோமே, அதுதான். குலதெய்வக் கோயிலில் வரி கொடுக்கிறவர், சொத்தில் பங்கு உள்ளவர், சாவு விழுந்தால் முழுத் தீட்டுக் காக்கிறவர். சித்தி மகனைப் பங்காளி முறை என்போமே தவிர அவருக்கு நம் சொத்தில் பங்கு கிடையாது, நம் சாவுக்குப் பங்காளித் தீட்டும் கிடையாது. ஆக, நம்மிடம் இரண்டு கணக்கும் இருக்கின்றன. சொத்துக்கும் சாமிக்கும் பங்காளிக் கணக்கு, கூப்பிடுவதற்கும் பெண் எடுப்பதற்கும் முறைக் கணக்கு. நம் உறவுச் சொற்கள் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டன, இன்றைய சீனச் சொற்கள் முதலாவதைப் பிடித்துக்கொண்டன. இதை நண்பருக்குச் சொல்லிப் பாருங்கள், சட்டென்று புரிந்துகொள்வார்.

சீனச் சொற்கள் ஆதியிலிருந்தே இப்படி இருந்தனவா? இல்லை. எனக்கு இந்தத் துறையில் பிடிப்பு வரக் காரணமே இந்த விஷயம்தான். சீனத்தின் மிகப் பழைய சொற்பொருள் நூல் ஏர்யா. கி.மு. மூன்றாம் நூற்றாண்டை ஒட்டித் தொகுக்கப்பட்டது என்பார்கள். அதில் உறவுச் சொற்களுக்கென்றே ஒரு பகுதி உண்டு. அதை முதல் தடவை படித்தபோது தமிழ்ப் பாடம் படிப்பது போலவே இருந்தது. அம்மாவின் சகோதரன் ஜியோ என்கிறது. ஒரு பெண் தன் கணவனின் தந்தையையும் ஜியோ என்பாள் என்கிறது. மனைவியின் தந்தை ‘வெளி ஜியோ’. அப்பாவின் சகோதரி கூ. கணவனின் தாயும் கூ. மனைவியின் தாய் ‘வெளி கூ’. மாமா என்றால் தாய்மாமன், மாமனாரும் மாமா. அத்தை என்றால் அப்பாவின் சகோதரி, மாமியாரும் அத்தை. நாம் இன்றைக்கும் வீட்டில் கூப்பிடுவது இப்படித்தானே?

இன்னும் கேளுங்கள். ஷெங் என்று ஒரு சொல். அத்தை மகன் ஷெங், மாமன் மகன் ஷெங், மனைவியின் சகோதரன் ஷெங், அக்கா தங்கையின் கணவன் ஷெங். ஏர்யா இந்த நான்கு பேரையும் வரிசையாக ஒரே சொல்லில் சொல்கிறது. இந்த நால்வருக்கும் பொருந்துகிற ஒரே சொல் தமிழில் என்ன என்று எந்தத் தமிழரைக் கேட்டாலும் மச்சான் என்பார். இன்றைய சீனத்தில் அப்படி ஒரு சொல் கிடையாது. ஷெங் இன்று அக்கா தங்கை பிள்ளையைக் குறிக்கும் வைஷெங் என்ற சொல்லில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சித்தி மகன் விஷயத்துக்கு வருவோம். ஏர்யாவில் அம்மாவின் சகோதரிக்கு யீ என்ற பெயரே இல்லை. த்ஸோங்மு என்று இருக்கிறது. அதில் உள்ள மு என்பது ‘அம்மா’. பெரியம்மா, சின்னம்மா என்று நாம் சொல்வது போல, அம்மாவோடு சேர்ந்த ஓர் அம்மா. அவளுடைய மகன்கள் ‘த்ஸோங்மு வழி அண்ணன் தம்பிகள்’. அக்காலச் சடங்கு நூல்களில் பெரியப்பா சித்தப்பா மகன்களுக்கும் இதே அச்சில் ‘த்ஸோங்ஃபு வழி அண்ணன் தம்பிகள்’ என்று பெயர் உண்டு. ஃபு என்றால் அப்பா. அதாவது, அப்பாவின் அண்ணன் தம்பி பிள்ளைகளும் அம்மாவின் அக்கா தங்கை பிள்ளைகளும் அண்ணன் தம்பி. அத்தை மாமன் பிள்ளைகள் மச்சான். நீங்கள் உங்கள் சித்தி மகனைத் தம்பி என்று சொன்னது இரண்டாயிரத்து இருநூறு வருடத்துக்கு முந்தைய சீனர் ஒருவருக்கு விளக்கமே இல்லாமல் புரிந்திருக்கும். யீ என்ற சொல் அன்று மனைவியின் அக்கா தங்கையைக் குறித்தது. பிறகு அது ஒரு தலைமுறை மேலே ஏறி அம்மாவின் அக்கா தங்கைக்கு ஆனது. அப்பா யீ என்று கூப்பிட்டதைப் பிள்ளைகளும் கூப்பிடத் தொடங்கினார்கள் என்று இதற்கு விளக்கம் சொல்வார்கள்.

சொற்கள் ஏன் மாறின? என் கருத்து, துக்கம் காக்கும் விதிகளைப் பார்த்தால் விடை கிடைக்கும். சீனத்தில் ஒருவர் இறந்தால் இன்னின்ன உறவினர் இத்தனை மாதம் இன்ன துணி உடுத்தித் துக்கம் காக்க வேண்டும் என்று ஐந்து படிகள் வகுத்திருந்தார்கள். பெரியப்பா சித்தப்பாவுக்கு 1 வருடம். அவர்கள் மகன்களுக்கு 9 மாதம். சித்தி பெரியம்மா மகனுக்கு 3 மாதம், அத்தை மகனுக்கு 3 மாதம், மாமன் மகனுக்கும் 3 மாதம். பேச்சில் சித்தி மகன் அண்ணன் தம்பியாக இருந்த காலத்திலேயே துக்கக் கணக்கில் அவர் மச்சான்களோடு சேர்ந்துவிட்டார். இதே விதிகளில் இன்னொன்று. சித்தி இறந்தால் 5 மாதம், தாய்மாமன் இறந்தால் 3 மாதம். இருவரும் அம்மாவோடு பிறந்தவர்கள்தானே, சித்திக்கு ஏன் கூடுதல்? பழைய சடங்கு நூலே இதைக் கேட்டுப் பதிலும் சொல்கிறது: அவள் பெயரில் ‘அம்மா’ இருக்கிறது, அந்தப் பெயருக்காகக் கூட்டினோம் என்று. ஏழாம் நூற்றாண்டில் டாங் பேரரசர் தாய்சோங் காலத்தில் மாமனுக்கும் 5 மாதம் ஆக்கினார்கள். அதற்குப் பிறகு அம்மாவோடு பிறந்தவர்கள் எல்லோரும் ஒரே மட்டம். துக்கத்தில் ஒன்றாகிவிட்டவர்களைச் சொல்லும் ஒன்றாக்கிவிட்டது என்று நினைக்கிறேன். இது என் ஊகம்; மாதக் கணக்குகள் ஊகமல்ல, விதிகளில் உள்ளவை.

எது உறுதி, எது சந்தேகம் என்று இங்கே பிரித்துச் சொல்லிவிட வேண்டும். ஏர்யாவில் அந்தச் சொற்கள் அந்தப் பொருளில் இருப்பது உறுதி. கணவனின் பெற்றோரை ஜியோ, கூ என்பது டாங் காலக் கவிதையில்கூட வருகிறது. அதிலிருந்து, பழைய சீனர்கள் நம்மைப் போல மாமன் மகளையும் அத்தை மகளையும் வழக்கமாகக் கட்டினார்கள் என்று முடிவு கட்டலாமா? கட்டலாம் என்றார் ஃபெங் ஹான்-யி. 1937-ல் சீன உறவுமுறை பற்றி அவர் எழுதிய ஆய்வு இன்றும் இந்தத் துறையில் முதலில் படிக்க வேண்டியது. மாமனே மாமனாராகவும் அத்தையே மாமியாராகவும் ஆகிற ஊரில்தான் இப்படி ஒரே சொல் இரண்டுக்கும் வரும் என்பது வாதம். எனக்கு அது வலுவான வாதமாகத்தான் படுகிறது, தமிழராகப் பிறந்த யாருக்கும் அப்படித்தான் படும். ஆனால் சொல் மட்டுமே சாட்சி. எந்தக் குலங்கள், எவ்வளவு பேர், எந்தக் காலம் வரை என்பதைச் சொல்லிலிருந்து எடுக்க முடியாது. அப்புறம், இதை வைத்துக்கொண்டு தமிழும் சீனமும் ஒரே வேர் என்று கிளம்புவது தவறு. மாமன் மகளைக் கட்டுகிற வழக்கம் உலகில் ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல மக்களிடம் உண்டு. வழக்கம் ஒன்றானால் சொற்களின் அடுக்கும் ஒன்றாகிவிடும், வேர் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

பிற்காலச் சீனத்தில் இந்தக் கல்யாணம் நடந்ததற்குச் சொல்லைத் தாண்டிய சாட்சியும் உண்டு. மறுபடி அந்த ஈரோட்டு வியாபாரி. அவர் ‘மாமா’ என்று அழைத்து வந்தவரை நான் ஜியோஜியோ என்றுதான் முதலில் சொன்னேன். பேச்சுவாக்கில் அவர் பெண்ணைத்தான் கட்டியிருக்கிறேன் என்றார். அப்படியானால் மாமனார் என்ற சொல்லையும், யுவெஃபு, சேர்த்துச் சொல்ல வேண்டும். சொன்னதும் அந்தக் கணக்கு அம்மா நிமிர்ந்து பார்த்தார். “ஒரே ஆள் இரண்டுமா?” என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் யோசித்து, “எங்கள் தாத்தா பாட்டியும் பியாவ் உறவுதான். உறவின் மேல் உறவு என்று அந்தக் காலத்தில் சொல்வார்கள்” என்றார். சொந்தத்தில் கட்டுவதை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். நம் வீட்டில் ‘சொந்தம் விட்டுப் போகக் கூடாது’ என்று சொல்வதற்கு நேரான பேச்சு.

ஆனால் அவர்களுக்கு இரண்டு பக்கமும் சமமல்ல. சமூகவியலாளர் ஃபெய் ஷியாவ்தோங் 1936-ல் தாய் ஏரிக்குத் தென்கிழக்கே கைஷியான்கோங் என்ற பட்டுக் கிராமத்தில் தங்கி ஆராய்ந்தார். அங்கே ஒரு பெண் தன் அத்தை வீட்டுக்கே மருமகளாகப் போனால் ‘மலையேறும் பெண்’ என்பார்களாம். குடும்பம் செழிக்கும் என்று நம்பிக்கை. மாமன் வீட்டுக்கு மருமகளாகப் போனால் ‘ஊர் திரும்பும் பெண்’, அது ஆகாது. பல இடங்களில் இதை எலும்பும் ரத்தமும் பின்னோக்கிப் பாய்வது என்று தடுத்தார்கள். மகளாக வெளியே போனவளின் ரத்தம் அவள் மகள் மூலமாகப் பிறந்த வீட்டுக்கே திரும்பக் கூடாது என்பது எண்ணம். மாப்பிள்ளை பக்கத்திலிருந்து சொன்னால், மாமன் மகளைக் கட்டலாம், அத்தை மகளைக் கட்டுவது நல்லதல்ல. தாங் தங்கையைக் கட்டுவது மட்டும் எங்கேயும் நினைத்துக்கூடப் பார்க்க முடியாதது, ஒரே குடும்பப் பெயர் ஆயிற்றே. சித்தி மகளோ பியாவ் என்பதால் கட்டக்கூடியவள் ஆகிவிட்டாள். நமக்கு அது தங்கையைக் கட்டுவதற்குச் சமம். நாம் செய்கிற இன்னொன்று அவர்களை அதே அளவு திடுக்கிட வைக்கும்: அக்கா மகளைத் தாய்மாமன் கட்டுவது. சீனத்தில் தலைமுறைப் படி மிகக் கறாரானது, ஒரு படி கீழே உள்ளவளை மேல் படியில் உள்ளவன் கட்ட முடியாது. இந்த இரண்டையும் சீனரிடம் பேசும்போது கொஞ்சம் பார்த்துப் பேசுங்கள்.

இன்று அங்கே சட்டமே மாறிவிட்டது. 1950-ஆம் வருடத் திருமணச் சட்டம் இதை ஊர் வழக்கத்துக்கு விட்டது. 1980-ல் வந்து 1981 ஜனவரியில் நடைமுறையான சட்டம், மூன்று தலைமுறைக்கு உட்பட்ட பக்கவழி ரத்த உறவுகளுக்குள் திருமணத்தைத் தடை செய்தது. தாங், பியாவ் இருவரும் அதில் அடங்குவார்கள். இந்தியாவில் 1955-ஆம் வருட இந்து திருமணச் சட்டம் வழக்கம் அனுமதித்தால் சரி என்று விட்டிருக்கிறது. ஆகவே, அந்தக் கணக்கு அம்மாவின் தலைமுறைக்கு அது பாட்டி காலத்துக் கதை, ஈரோட்டு வியாபாரிக்கு அது வீட்டு வாழ்க்கை.

தாய்மாமன் விஷயத்தில் மட்டும் இரண்டு பக்கமும் இன்னும் கை கோத்துத்தான் நிற்கின்றன. சொல் அவரை வெளியே வைத்தாலும் சடங்கு வைக்கவில்லை. “வானத்தில் இடித்தேவன், பூமியில் மாமன்” என்று தென்சீனத்தில் ஒரு சொலவடை. தைவான் கல்யாண விருந்தில் முதல் மரியாதை இருக்கை தாய்மாமனுக்கு. அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும்போது நடுவராக உட்காருவதும் அம்மாவின் சகோதரன்தான். குடும்பப் பெயர் வேறு என்பதாலேயே அவருக்குச் சொத்தில் பங்கில்லை, அதனாலேயே அவர் வார்த்தைக்கு மதிப்பு. காது குத்தத் தாய்மாமன் மடியில் உட்கார வைக்கிற நமக்கு இதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

தாத்தா பாட்டியில் சீனர் வழியைத் தெளிவாகப் பிரிக்கிறார்கள். அப்பா வழியில் யேயே, நைநை. அம்மா வழியில் தெற்கே வைகோங், வைபோ. வடக்கே லாவ்யே, லாவ்லாவ். வை என்றாலும் ‘வெளி’தான். 2018-ல் ஷாங்காய் தொடக்கப்பள்ளிப் பாடநூல் ஒன்றில் வைபோ என்று இருந்ததை லாவ்லாவ் என்று மாற்றியதற்குப் பெரிய எதிர்ப்பு எழுந்து, கல்வித் துறை பழைய சொல்லைத் திரும்ப வைக்கச் சொன்னது. ‘வெளிப் பாட்டி’ என்ற சொல்லுக்காகத்தான் மக்கள் சண்டை போட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். வளர்த்த பாட்டியின் பெயர் அது, எழுத்தின் பொருளை அங்கே யாரும் நினைப்பதில்லை. இதை அன்றே அந்த வியாபாரிக்கு என்னால் சொல்ல முடியவில்லையே என்று இப்போதும் இருக்கிறது. தமிழில் தாத்தா, பாட்டி என்று பொதுவாகச் சொல்கிறவர்களுக்கு இது புதிதாக இருக்கும். யாழ்ப்பாணத்தில் அப்பம்மா, அம்மம்மா என்பவர்களுக்கும், மதுரைப் பக்கம் அப்பத்தா, அம்மாச்சி என்பவர்களுக்கும் அப்படியே பொருந்திவிடும்.

நண்பரிடம் உங்கள் சித்தி மகனைப் பற்றிச் சொல்லும்போது சாதாரணப் பேச்சில் திதி என்றே சொல்லலாம். குழந்தை ஒன்று மட்டும் என்ற கொள்கைக் காலத்தில் வளர்ந்தவர்கள் பலர் தங்கள் பியாவ் தம்பியையும் வெறும் திதி என்றுதான் கூப்பிடுகிறார்கள், கூடப்பிறந்தவர் என்று ஒருவர் இல்லாததால். கேட்டால் மட்டும் பியாவ்-தி என்று சொல்லி, யீமாவின் மகன் என்று சேர்த்துவிடுங்கள். விசா, வங்கி, ஒப்பந்தம் என்று தாளில் எழுதும்போது முதலிலேயே பியாவ்-தி என்றுதான் எழுத வேண்டும், அங்கே திதி என்று எழுதினால் தந்தை பெயரைப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மாமா என்று வந்தால் அம்மாவிலிருந்து தொடங்கி விரல் விட்டு எண்ணுங்கள்: அம்மாவின் சகோதரன் ஜியோஜியோ, அப்பாவின் சகோதரி கணவர் கூஃபு, மனைவியின் தந்தை யுவெஃபு. சித்தப்பா என்று வந்தால் அப்பாவின் தம்பியா, சித்தியின் கணவரா என்று முதலில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். முன்னவர் ஷூஷூ, பின்னவர் யீஃபு. மச்சானுக்கு மட்டும் சொல் தேடாதீர்கள். மாமன் மகனா, மனைவியின் தம்பியா, தங்கையின் கணவரா என்று விளக்கமாகச் சொல்லிவிடுவதுதான் வழி.